விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன்னால் இருக்கும் திகதிகள்

யாழ்ப்பாணத்தில் ஒவ்வோர் ஆண்டும் நடுப்பகுதியில் ஒரே மாதிரியான அறிவித்தல் கைபேசிக்குக் கைபேசி ஓடத் தொடங்கும். மேலே பாடசாலையின் இலச்சினை, நடுவில் வெள்ளைச் சட்டையில் ஒரு பிள்ளையின் சிரிப்பு, கீழே நாலைந்து வரிகள்:

"பெற்றோர் கவனத்திற்கு. அடுத்த ஆண்டில் தரம் 1 இற்கு மாணவர்களை அனுமதிப்பதற்கான விண்ணப்பங்கள் கோரப்படுகின்றன. பூர்த்தி செய்யப்பட்ட விண்ணப்பப் படிவங்களை முடிவுத் திகதிக்கு முன்னர் பதிவுத் தபாலில் அதிபருக்கு அனுப்பி வைக்கவும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், வாக்காளர் இடாப்புப் பிரதிகள், வதிவிடத்தை உறுதிப்படுத்தும் ஆவணங்கள் ஆகியன இணைக்கப்படல் வேண்டும்."

2018 இல் இப்படியொரு அறிவித்தலை நானும் பார்த்தேன். மூத்தவனுக்கு அடுத்த வருடம் பாடசாலை. முடிவுத் திகதிக்கு இரண்டு கிழமைகள் இருந்தன. இரண்டு கிழமைகள் தாராளம் என்று நினைத்தேன். விண்ணப்பம் நேரத்துக்குப் போனது. பிள்ளைக்கு இடம் கிடைக்கவில்லை. அறிவித்தலில் அச்சடித்திருந்த திகதியை நான் தவறவிடவில்லை. அச்சடிக்காத திகதிகளைத்தான் தவறவிட்டிருந்தேன். அவற்றைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

முதலாவது திகதி: ஜனவரி 31

அரச பாடசாலைகளின் தரம் 1 அனுமதி, அதிபரின் விருப்பப்படி நடக்கும் காரியம் அல்ல. கல்வி அமைச்சு ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் சுற்றறிக்கையும் அறிவுறுத்தல்களும்தான் அதற்கு விதி. பாடசாலை போடும் அறிவித்தல் அந்த நீண்ட ஆவணத்தின் ஒரு மூலை மாத்திரமே. முழு ஆவணமும் மாதிரி விண்ணப்பப் படிவமும் moe.gov.lk என்ற அமைச்சின் இணையத்தளத்தில் தமிழில் கிடைக்கும். படத்தை மட்டும் பார்த்துவிட்டு விண்ணப்பிப்பவர் அந்த ஆவணத்தை ஒருமுறை முழுமையாக வாசித்தால் பாதிக் குழப்பம் தீரும்.

பிள்ளை அனுமதி பெறும் ஆண்டின் ஜனவரி 31 ஆம் திகதியன்று ஐந்து வயதைப் பூர்த்தி செய்திருக்க வேண்டும். 2019 இல் சேரவேண்டிய பிள்ளை 2014 ஜனவரி 31 அன்றோ அதற்கு முன்னரோ பிறந்திருக்க வேண்டும். ஆறு வயதைக் கடந்த பிள்ளைகள், வெற்றிடம் மிஞ்சினால் மட்டுமே கவனிக்கப்படுவார்கள். எங்கள் இளையவள் 2018 பெப்ரவரி 4 இல் பிறந்தவள். சில நாள் வித்தியாசத்தில் அவளுடைய பாடசாலை 2023 இல் இருந்து 2024 இற்குப் போனது. முன்பள்ளியில் அவளோடு இருந்த பிள்ளைகள் முதலாம் வகுப்புக்குப் போக, அவள் இன்னும் ஒரு வருடம் அங்கேயே இருந்தாள். யாரிடமும் போய்க் கேட்டு மாற்றக்கூடிய திகதி இது அல்ல.

வட்டம் போட்டுப் பார்த்தல்

தரம் 1 இன் இடங்கள் ஆறு வகையாகப் பிரிக்கப்படுகின்றன. பாடசாலைக்கு அண்மையில் வசிப்போரின் பிள்ளைகளுக்கு 50 வீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25 வீதம், ஏற்கனவே அங்கு படிக்கும் பிள்ளையின் சகோதரருக்கு 15 வீதம். மிகுதி, கல்விச் சேவையில் உள்ளோர், சேவைத் தேவை கருதி இடமாற்றம் பெற்ற அரச ஊழியர், பிள்ளையோடு வெளிநாட்டில் இருந்து திரும்பியோர் ஆகியோருக்கானது. ஒன்றுக்கு மேற்பட்ட வகையில் தகுதி உள்ளவர், ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி விண்ணப்பம் அனுப்ப வேண்டும். எங்களைப் போன்ற பெரும்பாலானோருக்கு வாசல் முதலாவது வகைதான்.

அந்த வகையில் 100 புள்ளிகள். அதில் சரிபாதி, அதாவது 50 புள்ளிகள், தூரத்துக்கு உரியவை. ஆனால் அது கிலோமீற்றர் கணக்கு அல்ல. உங்கள் வீட்டை மையமாக வைத்து, விண்ணப்பிக்கும் பாடசாலை வரையான நேர்கோட்டுத் தூரத்தை ஆரையாகக் கொண்டு ஒரு வட்டம் போடுவார்கள். அந்த வட்டத்துக்குள், உங்கள் பிள்ளை சேரக்கூடிய ஆரம்பப் பிரிவுள்ள வேறு அரச பாடசாலை இருந்தால், ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளிகள் வெட்டப்படும். கேள்வி "எவ்வளவு தூரம்?" என்பதல்ல, "இதைவிடக் கிட்ட எத்தனை பாடசாலைகள் இருக்கின்றன?" என்பதுதான்.

நாங்கள் கொக்குவிலில் இருக்கிறோம். நாங்கள் விரும்பிய பாடசாலை நகரப்பக்கம், நேர்கோட்டில் 1.4 கிலோமீற்றர். மோட்டார் சைக்கிளில் ஐந்து நிமிடம். "இவ்வளவு கிட்ட இருக்கிறோம், எங்களுக்குத் தராமல் யாருக்குத் தரப்போகிறார்கள்?" என்பது என் மனைவியின் நம்பிக்கை. கூகுள் வரைபடத்தில் தூரம் அளக்கும் வசதியை வைத்து நான் வட்டம் போட்டேன். உள்ளே ஒன்பது பாடசாலைகள் அகப்பட்டன. ஒன்று தனியார் பாடசாலை. ஒன்று பெண்கள் பாடசாலை, எங்களுடையவன் பையன். இன்னொன்றில் ஆறாம் தரத்தில் இருந்துதான் வகுப்புகள். இந்த மூன்றையும் கழித்தால் மிகுதி ஆறு. ஆறு தடவை ஐந்து, முப்பது. ஐம்பதில் எங்களுக்கு மிஞ்சியது 20.

கிளிநொச்சியின் உட்புறக் கிராமம் ஒன்றில், பாடசாலைக்கு நாலு கிலோமீற்றர் தள்ளி இருக்கும் பிள்ளை முழு 50 புள்ளிகளையும் பெறலாம். இடையில் வேறு பாடசாலை இருக்காது. யாழ்ப்பாணத்தில் 1.4 கிலோமீற்றரில் முப்பது புள்ளிகள் போய்விடும். இதற்கு வரலாறு ஒரு காரணம். 1816 இல் அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையில் இறங்கிய பிறகு மிஷன் பள்ளிகள் ஊருக்கு ஊர் எழுந்தன. 1848 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1923 இல் உருவான சைவ வித்தியா விருத்திச் சங்கமும் தன் பங்குக்குப் பள்ளிகளை எழுப்பியது. மிஷன் பள்ளி உள்ள இடத்தில் சைவப் பள்ளியும் இருக்க வேண்டும் என்று அன்று போட்டி போட்டுக் கட்டியவை, இன்று எங்கள் வட்டத்துக்குள் வந்து நின்று ஐந்து ஐந்தாகக் கழிக்கின்றன.

வட்டத்துக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, கடல்நீரேரி சூழ்ந்த எங்கள் குடாநாட்டில் அது முக்கியமானது. ஆறு, நீரேரி, சதுப்பு போன்ற இயற்கைத் தடையால் பிள்ளை போய்வர முடியாத பாடசாலை வட்டத்துக்குள் விழுந்தால், அதற்குப் புள்ளி வெட்டக்கூடாது. வரைபடத்தில் அடுத்த கரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பாலமோ பாதையோ இருக்காது. அப்படியான இடங்களில் இருப்பவர்கள் இதை நேர்முகப் பரீட்சையிலேயே எடுத்துச் சொல்ல வேண்டும். வரைபடம் பார்க்கும் சபைக்கு உங்கள் ஊர்த் தண்ணீரின் ஆழம் தெரியாது.

இரண்டாவது திகதி: கிராம சேவையாளர் படிவம் தந்த நாள்

மிகுதி 50 புள்ளிகளும் ஆவணங்களுக்கு உரியவை. வாக்காளர் இடாப்பில் பெயர் இருப்பது, வீட்டின் உரிமையைக் காட்டும் உறுதி, வசிப்பைக் காட்டும் மேலதிக ஆவணங்கள் என மூன்றாகப் பிரியும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை புள்ளி என்பது சுற்றறிக்கைக்குச் சுற்றறிக்கை மாறி வந்திருப்பதால், போன வருடம் விண்ணப்பித்தவர் சொல்வதை நம்பாமல் நடப்பு ஆண்டின் அட்டவணையைப் பார்க்க வேண்டும். மாறாத ஒன்று, வாக்காளர் இடாப்பு ஒரு வருடத்துக்கு மட்டும் பார்க்கப்படுவதில்லை என்பது. கடந்த பல ஆண்டுகளின் இடாப்புகளில், அதே விலாசத்தில், தாயின் பெயரும் தகப்பனின் பெயரும் இருக்கிறதா என்று ஆண்டு ஆண்டாகப் பார்த்துப் புள்ளி போடுவார்கள்.

இங்கேதான் நான் விழுந்தேன். எனக்குச் சொந்த ஊர் மயிலிட்டி. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு முழுவதும் இடம்பெயர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. பிறகு எத்தனை வீடு மாறினோம் என்பது கணக்கில் இல்லை. ஆனால் இடம்பெயர்ந்தோர் தங்கள் பழைய ஊரிலேயே வாக்காளராகப் பதிய 2013 இல் விசேட சட்டம் வந்தபோது, அப்பா வீட்டில் எல்லோருடைய பெயரையும் மயிலிட்டியில் பதிவித்தார். 2017 ஜூலையில் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டதோடு அவருடைய பிடி இன்னும் இறுகியது. கலியாணம் முடித்துக் கொக்குவிலுக்கு வந்த பிறகும் என் வாக்கு அங்கேதான் இருந்தது. மனைவியின் பெயர் மட்டும் கொக்குவில் இடாப்பில். நேர்முகப் பரீட்சையில், ஒவ்வோர் ஆண்டும் தகப்பனுக்கு உரிய பகுதி வெறுமையாகப் போனது.

சபையில் இருந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். "தம்பி, நீங்கள் இங்கேதான் இருக்கிறீர்கள் என்று எங்களுக்கு விளங்குது. ஆனால் இடாப்பில் இல்லாததுக்கு நாங்கள் புள்ளி போடேலாது" என்றார் ஒருவர். அவர் சொன்னதில் பிழை இல்லை.

அடுத்த முறை கிராம சேவையாளர் வாக்காளர் பதிவுப் படிவம் கொண்டு வந்தபோது என் பெயரைக் கொக்குவிலுக்கு மாற்றுவது என்று முடிவெடுத்தேன். அப்பாவுக்குச் சொல்வதுதான் கடினமாக இருந்தது.

"பேரை எடுத்தால் காணியும் போயிடும்" என்றார்.

"காணி உறுதியில் இருக்கு அப்பா. வாக்கு இடாப்பில் இல்லை."

"உறுதி பெட்டிக்குள்ளதான் இருக்கும். ஆக்கள் இருக்கினம் எண்டு காட்டுறது இடாப்பு."

சட்டப்படி நான் சொன்னதுதான் சரி. காணியின் உரிமையை உறுதியும் காணிப் பதிவகத்தின் பதிவும்தான் தீர்மானிக்கின்றன. வாக்கை மாற்றுவதால் உரிமை அற்றுப்போகாது. ஆனால் ஓர் ஊரில் எத்தனை வாக்காளர் என்ற எண்ணிக்கைக்கு வேறு பெறுமதி உண்டு என்பதையும் என்னால் மறுக்க முடியவில்லை. பிள்ளையின் பாடசாலையும் ஊரின் கணக்கும் ஒரே படிவத்தில் வந்து மோதும் என்பதை எந்த அறிவித்தலும் சொல்லவில்லை. இந்த நிலையில் உள்ள குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அவர்கள் எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும், பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது அல்ல, பிறக்கும்போதே எடுக்க வேண்டும். உங்கள் பெயர் எங்கே பதிவாகியிருக்கிறது என்பதை elections.gov.lk தளத்தில் பார்க்கலாம். அத்தாட்சிப்படுத்திய பிரதிகளை மாவட்டத் தேர்தல்கள் அலுவலகத்தில் பெறலாம். பெயரின் எழுத்து, வீட்டிலக்கம் இரண்டும் மற்ற ஆவணங்களோடு ஒத்திருக்கின்றனவா என்று அப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது திகதி: உறுதி எழுதிய நாள்

நாங்கள் இருக்கும் வீடு மனைவியின் அண்ணருடையது. அவர் கனடாவில். "வீடு சும்மா கிடக்குது, நீங்கள் இருங்கோ" என்று தந்தவர். வாடகை இல்லை, ஒப்பந்தம் இல்லை. மின்சாரப் பட்டியலும் அவருடைய பெயரில்தான் வந்துகொண்டிருந்தது. நேர்முகப் பரீட்சைக்கு அவர் கையொப்பமிட்டு ஒரு கடிதம் அனுப்பினார். அந்தக் கடிதத்துக்குக் கிடைத்த புள்ளி பூச்சியம்.

யாழ்ப்பாணத்தில் இப்படி வெளிநாட்டு உறவுகளின் வீட்டில் காவலுக்கும் குடியிருப்புக்கும் நடுவில் வாழும் குடும்பங்கள் ஏராளம். சுற்றறிக்கைக்கு இந்த உறவு முறை தெரியாது. அது கேட்பது, விண்ணப்பதாரியின் அல்லது வாழ்க்கைத் துணையின் பெயரில் உள்ள உறுதி. மனைவியின் பெயரில் எழுதிய சீதன உறுதி இதற்குப் பொருந்தும். இந்த விடயத்தில் எங்கள் பழைய வழக்கம் பல குடும்பங்களைக் காப்பாற்றுகிறது. வாடகைக்கு இருப்பவருக்கு, பதிவு செய்யப்பட்ட குத்தகை உறுதி வேண்டும். வீட்டுக்காரரோடு வெறும் முத்திரையில் எழுதிய உடன்படிக்கையை நம்பிப் போகக்கூடாது. உறுதியின் வயதும் பார்க்கப்படும்: பல வருடங்களுக்கு முன் எழுதியதற்கு முழுமையாகவும், அண்மையில் எழுதியதற்குக் குறைவாகவும் புள்ளி வரும். விண்ணப்பத்துக்கு முதல் மாதம் நொத்தாரிசிடம் ஓடுபவருக்கு அதனால் பெரிய பயன் இராது.

மேலதிக ஆவணங்கள் என்பவை தேசிய அடையாள அட்டை, மின்சார, நீர்ப் பட்டியல்கள், திருமணச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் போன்றவை. இவற்றுக்குப் புள்ளி சிறிது. ஆனால் எல்லாவற்றிலும் ஒரே விலாசம் இருக்க வேண்டும். என்னுடைய அடையாள அட்டையில் இருந்தது, நாங்கள் இடம்பெயர்ந்து இருந்த மூன்றாவது வீட்டின் விலாசம்.

பட்டியல் ஒட்டிய பிறகு

நேர்முகப் பரீட்சை முடிந்த பின் தற்காலிகப் பட்டியலும் காத்திருப்போர் பட்டியலும் பாடசாலையின் அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும். அதற்குப் பிறகு மேன்முறையீட்டுக்கும் ஆட்சேபனைக்கும் சில நாட்கள் தரப்படும். மேன்முறையீட்டை விசாரிப்பது வேறொரு சபை. உங்களுக்குரிய புள்ளி பிழையாகக் கூட்டப்பட்டது, வட்டத்துக்குள் வராத பாடசாலை ஒன்று எண்ணப்பட்டது என்று காட்டுவதற்கான இடம் அது. இல்லாத உறுதியை அங்கே உண்டாக்க முடியாது. நான் என் புள்ளிகளைத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். கணக்கு சரியாகவே இருந்தது. மேன்முறையீடு செய்யவில்லை.

இன்னொரு வழியும் எனக்குச் சொல்லப்பட்டது. பாடசாலைக்கு அருகில் உள்ள வீடு ஒன்றின் விலாசத்தைப் பாவிக்கலாம் என்றார் தெரிந்த ஒருவர். தெரிவானவர்களின் வீட்டுக்குப் பாடசாலைக் குழு நேரில் வந்து பார்க்கும். அங்கே வசிக்கவில்லை என்று கண்டால் பெயர் நீக்கப்படும். ஆவணம் பொய்யென்று பின்னர் தெரியவந்தால், வகுப்பில் இருக்கும் பிள்ளையையும் விலக்கலாம். பெரியவர்கள் செய்த காரியத்துக்கு ஆறு வயதுப் பிள்ளை சீருடையோடு வெளியே நிற்கும். இடம் எடுத்துத் தருவதாக யாராவது பணம் கேட்டால் அது இலஞ்சம். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

எங்கள் மூத்தவன் வீட்டில் இருந்து 300 மீற்றரில் உள்ள ஊர்ப் பாடசாலைக்குப் போனான். அதற்கும் விண்ணப்பம் அனுப்பியிருந்தேன், மனமில்லாமல்தான். அங்கே எங்கள் வட்டத்துக்குள் வேறு பாடசாலை இல்லை. தூரத்துக்கு முழு 50. அந்தப் புள்ளிகூடத் தேவைப்படவில்லை. விண்ணப்பங்கள் இடங்களைவிடக் குறைவாக இருந்தால் வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் இடம் உண்டு. புள்ளிக்கான சண்டை கூட்டம் முட்டும் சில பாடசாலைகளில் மட்டும்தான். அவற்றுக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டு இருந்திருந்தால், ஜனவரியில் வலயக் கல்விப் பணிமனையின் வாசலில் இடம் கேட்டு நின்றிருப்பேன்.

இளையவளின் முறை வந்தபோது எல்லா ஆவணமும் தயாராக இருந்தன. என் வாக்கு கொக்குவிலில். அண்ணர் விடுமுறையில் வந்த ஆண்டில் குத்தகை உறுதி எழுதிப் பதிந்திருந்தோம். மின்சாரப் பட்டியல் மனைவியின் பெயரில். நகரத்துப் பாடசாலைக்கு இந்தத் தடவை கொஞ்சம் நம்பிக்கையோடு விண்ணப்பித்திருக்கலாம். அவள் அண்ணாவோடு ஒரே வாசலால் போகப்போகிறேன் என்று நின்றாள். சகோதரர் வகையில் விண்ணப்பம் போட்டோம். இருவரும் நடந்து போகிறார்கள்.

போன கிழமை பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவர் அறிவித்தல் படத்தைக் காட்டி, "அண்ணை, இதுக்கு என்னென்ன வேணும்?" என்று கேட்டார். அவருடைய பிள்ளைக்கு ஒன்றரை வயது. சும்மா அறிந்து வைக்கத்தான் கேட்டதாகச் சொல்லிச் சிரித்தார். அவருடைய வாக்கு எங்கே பதிந்திருக்கிறது என்று கேட்டேன். காங்கேசன்துறையில் என்றார். உள்ளே வரச்சொல்லி, கதிரையை இழுத்துப் போட்டேன்.